இரண்டு சேனல், ஒரே கூட்டமா?

ஒரு வீட்டில் நடத்தும் சமையல் யூடியூப் சேனல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே வீட்டார் மாடித்தோட்டத்துக்கென்று இன்னொரு சேனலும் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சமையல் வீடியோவின் முடிவிலும் "நம்ம தோட்டம் சேனலையும் பாருங்க, லிங்க் கீழே இருக்கு" என்று சொல்கிறார்கள். முதல் சில மாதங்கள் தோட்டம் சேனல் மளமளவென்று ஏறுகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. இன்னும் அடிக்கடி சொல்ல வேண்டுமோ, வீடியோவின் முதலிலேயே சொல்ல வேண்டுமோ என்று யோசிக்கிறார்கள்.

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சமையலைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே தோட்டத்தையும் பார்க்கிறார்கள்? இது தெரியாமல் விளம்பரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இருட்டில் செய்கிற வேலை. சின்ன சேனல் நடத்துகிறவர்கள் இதைக் கணக்கிடவே முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியும். ஆனால் கிடைக்கிற எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

தொலைக்காட்சியில் இந்தக் கணக்கு பழையது. இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனித்தனி பொத்தான் உண்டு. பார்க்க உட்காரும்போது அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். அதனால் ஒரே ஆள் இந்த வாரம் சன் டிவியும் பார்த்தாரா, கேடிவியும் பார்த்தாரா என்று எண்ணிவிடலாம். யூடியூபில் இதைவிடத் துல்லியமான தகவல் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் சேனல்காரர்களுக்கு அது காட்டுவது கொஞ்சம்தான். ஸ்டுடியோவில் Channels your audience watches என்ற பெட்டியில், கடந்த 28 நாட்களில் நம் பார்வையாளர்கள் தொடர்ந்து பார்த்த பிற சேனல்களின் பெயர்கள் வரும். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அதில் இருக்காது. சந்தாதாரர் பட்டியலும் உதவாது. தங்கள் சந்தாக்களை வெளியே தெரியும்படி வைத்திருப்பவர்கள் மட்டுமே அதில் தென்படுவார்கள்.

எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரே தடயம் கமெண்ட்தான். கமெண்ட் போடும் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத ஓர் அடையாளக் குறி உண்டு. பெயரை மாற்றினாலும் அது மாறாது. யூடியூப் தரும் இலவச வசதியில் `commentThreads.list` என்ற கட்டளையைக் கொடுத்தால், ஒரு முறைக்கு நூறு கமெண்ட் வரை `authorChannelId` என்ற அந்தக் குறியோடு வரும். ஒரு நாளைக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு 10,000 அலகுகள். இந்தக் கட்டளை ஒரு முறைக்கு ஓர் அலகுதான் எடுக்கும். எனவே சாதாரண சேனலுக்கு ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். குறிகளை மட்டும் இரண்டு கோப்புகளில் சேமித்துக்கொண்டால் மிச்சக் கணக்கு மூன்று வரிதான்:

```python
a = set(open("samayal.txt").read().split())
b = set(open("thottam.txt").read().split())
print(len(a), len(b), len(a & b))
```

ஒரே ஆள் ஐம்பது கமெண்ட் போட்டிருந்தாலும் ஒருவராகத்தான் எண்ணப்படுவார். முதல் எண் சமையலில் கமெண்ட் போட்டவர்கள், இரண்டாவது தோட்டத்தில் போட்டவர்கள், மூன்றாவது இரண்டிலும் போட்டவர்கள். பெயர்களையோ படங்களையோ சேமிக்கத் தேவையில்லை, சேமிக்கவும் கூடாது. யார் என்று தெரிந்துகொள்வது நம் நோக்கமல்ல.

கணக்கு புரிவதற்காக எண்களை நானே போட்டுக்கொள்கிறேன். ஆறு மாதத்தில் சமையலில் 12,000 பேர், தோட்டத்தில் 1,500 பேர், இரண்டிலும் 360 பேர் கமெண்ட் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சமையல் பக்கம் நின்று பார்த்தால் 360 என்பது 12,000-இல் 3 சதவீதம். தோட்டம் பக்கம் நின்று பார்த்தால் அதே 360 பேர் 1,500-இல் 24 சதவீதம். வீட்டில் ஒருவர் "நம்ம சமையல் ஆடியன்ஸ்ல நூத்துக்கு மூணு பேர்தான் தோட்டத்துக்கு வர்றாங்க, விளம்பரம் பத்தலை" என்பார். இன்னொருவர் "தோட்டத்துல நாலுல ஒருத்தர் சமையல்லேர்ந்து வந்தவங்கதான், இதுக்கு மேல என்ன வேணும்" என்பார். இருவரும் சொல்வது ஒரே 360 பேரைப் பற்றித்தான். பெரிய சேனலும் சின்ன சேனலும் சேரும் இடத்தில் இந்தச் சமமின்மை எப்போதும் இருக்கும். அதனால் "ஓவர்லேப் இத்தனை சதவீதம்" என்று யாராவது ஒற்றை எண்ணாகச் சொன்னால், எதன் மேல் எடுத்த சதவீதம் என்று கேட்காமல் அடுத்த வார்த்தைக்குப் போகக் கூடாது.

சரி, 24 சதவீதம் என்பது அதிகமா, குறைவா? தனியாக நின்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இதை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெரால்டு குட்ஹார்ட், ஆண்ட்ரூ எரன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவுகளை அலசி 1969-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேறொரு நாளில் இன்னொரு நிகழ்ச்சியையும் பார்ப்பார்கள் என்பது, பெரும்பாலும் அந்த இரண்டாவது நிகழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று கண்டார்கள். ஊரில் பாதிப் பேர் பார்க்கும் நிகழ்ச்சியை, எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். அதற்கு மேல் ஒரு பெருக்கெண் வரும். இரண்டும் ஒரே சேனலில் ஓடினால் அது கூடும், வேறு வேறு சேனல் என்றால் குறையும். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே வகையா இல்லையா என்பது எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சேனல் நடத்துகிற எல்லோரும் இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சமைப்பவர்களுக்குத் தோட்டமும் பிடிக்கும் என்று நமக்குத் தோன்றுவது ஒன்று, அப்படி நடக்கிறதா என்பது வேறொன்று.

நம் சேனல்களுக்கு அந்தப் பெருக்கெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? தொலைக்காட்சியில் மொத்தம் எத்தனை பேர் என்ற அடித்தளம் கையில் இருக்கும். யூடியூபில் அது இல்லை. அதனால் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நம் தோட்டம் சேனலைப் போலவே ஆறு மாதத்தில் ஏறக்குறைய 1,500 பேர் கமெண்ட் போட்ட, நமக்குச் சம்பந்தமில்லாத மூன்று மாடித்தோட்டச் சேனல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கும் நம் சமையல் சேனலுக்கும் பொதுவானவர்கள் முறையே 90, 75, 105 பேர் என்று வருகிறது என்போம். சராசரி 90, அதாவது 6 சதவீதம். யாரும் யாருக்கும் விளம்பரம் செய்யாமல், சமையல் சேனல் பெரியது என்பதாலும், தோட்டம் போடுகிறவர்கள் சமையலும் பார்ப்பதாலும் தானாக நடக்கிற கலப்பு இந்த 6. நம் சேனலின் 24 அதைப் போல நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்குதான் உறவுக்கும் விளம்பரத்துக்கும் சேர வேண்டிய பங்கு. நம் சேனலுக்கும் 7 சதவீதம்தான் வந்திருந்தால், அத்தனை "லிங்க் கீழே இருக்கு"வும் வீண் என்று அர்த்தம்.

இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. கமெண்டை வைத்து எண்ணுவது கோணலான அளவுகோல். பார்ப்பவர்களில் மிகச் சிலரே கமெண்ட் போடுகிறார்கள். இரண்டு சேனலையும் பார்க்கும் நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேனலிலும் பத்தில் ஒருவர்தான் கமெண்ட் போடுவார், ஒன்றில் போடுவதற்கும் மற்றதில் போடுவதற்கும் தொடர்பில்லை என்றால், அந்த நூறு பேரில் ஒரே ஒருவர்தான் நம் பட்டியலில் இரண்டு பக்கமும் தென்படுவார். இப்படிக் கலப்பு குறைந்து தெரியும். மறுபக்கம், கமெண்ட் போடும் பழக்கம் உள்ளவர் போகிற இடமெல்லாம் போடுவார். அப்போது கூடித் தெரியும். எனவே 24 என்பதை உண்மையான பார்வையாளர் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்தக் கோணல் நான்கு தோட்டச் சேனல்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது பெருமளவு கழிந்துவிடுகிறது. சதவீதத்தை நம்பாமல் மடங்கை நம்பச் சொல்வது இதனால்தான்.

அப்படியும் கழியாத சில உண்டு. இரண்டு சேனலிலும் தெரிவது ஒரே முகம். அந்த அக்காவைப் பிடித்தவர்கள் எங்கே பார்த்தாலும் "சூப்பர் அக்கா" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவார்கள். புதுச் சேனல் அறிவிப்பு வீடியோவிலும், கமெண்ட் போட்டால் விதை பாக்கெட் பரிசு என்ற வீடியோவிலும் கூட்டம் குவிந்திருக்கும். இந்த வீடியோக்களை நீக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு மடங்கு மூன்றாகக் குறைந்தால் பரவாயில்லை. ஒன்றரையாக விழுந்தால், நாம் அளந்தது பார்வையாளர்களை அல்ல, பரிசுக்கு வந்தவர்களை. இன்னொன்று, தமிழ் வீடுகளில் ஒரே போனை இரண்டு மூன்று பேர் பயன்படுத்துவது சகஜம். அம்மா குழம்பு வீடியோ பார்ப்பார், அப்பா அதே போனில் மிளகாய்ச் செடியில் மாவுப்பூச்சிக்கு என்ன தெளிப்பது என்று பார்ப்பார். கணக்கில் இருவரும் ஒருவர். தொலைக்காட்சி மீட்டரில் ஆளுக்கொரு பொத்தான் வைத்த காரணமே இதுதான். யூடியூபில் அந்தப் பொத்தான் இல்லை.

கால அளவையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு வாரத்துக்கு எண்ணினால் கலப்பு குறைவாக இருக்கும், ஆறு மாதத்துக்கு எண்ணினால் கூடும், ஒரு வருடத்துக்கு இன்னும் கூடும். இரண்டு இடத்திலும் தலைகாட்ட ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு காலத்தோடு பெருகுகிறது, அவ்வளவுதான். போன முறை மூன்று மாதம் எடுத்து, இந்த முறை ஆறு மாதம் எடுத்து, "கலப்பு கூடியிருக்கிறது" என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். நான்கு மடங்கு என்று தெரிந்ததும் "அப்படியானால் சமையலில் சொல்வது வேலை செய்கிறது, இன்னும் சொல்லலாம்" என்று தோன்றும். இந்த இடத்தில்தான் அந்த எண் நேர்மாறான ஒன்றைச் சொல்லக்கூடும். சமையல் சேனலில் கமெண்ட் போட்ட 12,000 பேரில், நம்முடையதையும் சேர்த்து நான்கு தோட்டச் சேனல்களில் ஏதாவது ஒன்றிலாவது தென்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 360, 90, 75, 105 இவற்றைக் கூட்டினால் 630 வரும். ஒரே ஆள் இரண்டு மூன்று சேனலில் இருப்பதால், ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணினால் 520 என்று வைத்துக்கொள்வோம். அதாவது சமையல் கூட்டத்தில் தோட்ட ஆர்வம் வெளிப்படையாகத் தெரிகிறவர்கள் 520 பேர். அவர்களில் 360 பேர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறார்கள். மிச்சம் 160. பத்தில் ஏழு பேர் வந்தாயிற்று.

தோட்டம் சேனல் முதலில் மளமளவென்று ஏறி, பிறகு நின்றதற்கான விளக்கம் இங்கே இருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் முதல் சில மாதங்களிலேயே வந்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வது இரண்டு வகை ஆட்களின் காதில்தான் விழுகிறது: ஏற்கெனவே வந்தவர்கள், செடி வளர்க்கும் எண்ணமே இல்லாதவர்கள். சின்னச் சின்னத் தோட்டச் சேனல்களை மட்டும் பார்ப்பவர்கள் இந்த 520-இல் விடுபட்டிருப்பார்கள், எனவே மிச்சம் 160-ஐவிட ஓரளவு கூடுதலாகவே இருக்கும். இருந்தாலும் நிலைமை இதுதான்.

திசையையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தை மட்டும் பார்க்கும் 1,140 பேரும் ஒருவர் விடாமல் சமையலுக்கு வந்தால்கூட, 12,000 என்பது 13,140 ஆகும், பத்து சதவீதத்துக்கும் குறைவான வளர்ச்சி. உண்மையில் வருவது அதில் சிறு பகுதியாகத்தான் இருக்கும். ஆகவே தோட்டம் வீடியோக்களில் சமையலுக்கு ஆள் கூப்பிடுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் எப்படிக் கலப்பது என்று தேடி வந்தவரின் கவனத்தை அது கலைக்கத்தான் செய்யும்.

கலப்பு எண்ணால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. விளம்பரத்தால்தான் வந்தார்களா என்பது அதற்குத் தெரியாது. நிறைய வீடியோ பார்ப்பவர் விளம்பரத்தையும் நிறையப் பார்ப்பார், தோட்டம் சேனலையும் தானாகவே கண்டுபிடித்திருப்பார். அதனால் விளம்பரம் பார்த்தவர்கள் அதிகம் வந்தார்கள் என்பது விளம்பரத்தின் பலனாகாது. இதைப் பிரிக்க ஒரே வழி, சில வீடியோக்களில் சொல்வது, சிலவற்றில் சொல்லாமல் இருப்பது. எதில் சொல்வது என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. நல்ல வீடியோவில்தான் சொல்லத் தோன்றும், கணக்கு கெட்டுவிடும். காசு சுண்டித் தீர்மானிப்பதே நல்லது. இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்து, ஒவ்வொரு சமையல் வீடியோ வெளியான முதல் மூன்று நாட்களில் தோட்டத்துக்கு வந்த புதியவர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொன்ன நாட்களின் சராசரி 210, சொல்லாத நாட்களின் சராசரி 195 என்று வந்து, சொல்லாத நாட்களுக்குள்ளேயே 150-க்கும் 250-க்கும் இடையில் எண் ஆடிக்கொண்டிருந்தால், அந்தப் பதினைந்து பேரை விளம்பரத்தின் வரவு என்று எழுத முடியாது.

லிங்கைத் தட்டியவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் போதாது. "தோட்டம்னு ஒரு சேனல் சொன்னாங்களே" என்று நினைவில் வைத்து மறுநாள் தேடி வருபவர், போக்குவரத்துக் கணக்கில் YouTube search என்ற தலைப்பின் கீழ் போய்விடுவார். தட்டி வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை ஸ்டுடியோவிலேயே பார்க்கலாம். End screens வழியாக வந்தவர்களின் சராசரிப் பார்வை நேரத்தையும் தேடி வந்தவர்களின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எட்டு நிமிட வீடியோவில் தேடி வந்தவர் நான்கு நிமிடம் இருக்கிறார், அக்கா சொன்னாரே என்று வந்தவர் நாற்பது விநாடியில் போய்விடுகிறார் என்றால், வந்தவர் அன்புக்காக வந்தவர். அவருக்குத் தோட்டம் வேண்டாம். அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது அவருக்கும் தொந்தரவு.

மேலே சொன்ன எண்களோடு ஒரு வீடு என்னிடம் வந்தால் நான் சொல்வது இது. எல்லா சமையல் வீடியோவிலிருந்தும் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். புதினாத் துவையல், கறிவேப்பிலைப் பொடி, முருங்கைக்கீரைக் கூட்டு போல, செடி நேராகச் சட்டிக்கு வரும் வீடியோக்களில் மட்டும் சொல்லுங்கள். அதிலும் "சேனலைப் பாருங்க" என்று சொல்லாமல், தொட்டியில் புதினாவைக் குச்சி நட்டு வளர்க்கும் அந்த ஒரு வீடியோவைக் காட்டுங்கள். தோட்ட ஆர்வம் இதுவரை இல்லாத பதினோராயிரத்துச் சொச்சம் பேரில் சிலருக்கு அந்த ஆர்வம் பிறக்க வழி இருக்கிறது என்றால் அது இப்படித்தான். மிச்ச உழைப்பைத் தேடலில் மேலே வருவதற்குச் செலவிடுங்கள். தோட்டம் சேனலின் கூட்டத்தில் 76 சதவீதம் ஏற்கெனவே சமையலோடு தொடர்பில்லாமல் வந்ததுதான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணும்போது, அதே ஆறு மாத அளவில், அதே மூன்று அக்கம்பக்கச் சேனல்களோடு எண்ண வேண்டும். அப்போது தோட்டத்தில் 3,000 பேரும், இரண்டிலும் 450 பேரும் இருந்தால் கலப்பு 24 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்கியிருக்கும். வீட்டில் யாராவது இதைப் பார்த்து விளம்பரத்தை விட்டதால் வந்த சரிவு என்று பயப்படலாம். பொதுவானவர்கள் 360-லிருந்து 450 ஆகியிருக்கிறார்கள். சமையலைப் பார்க்காத தோட்டக்காரர்கள் 1,140-லிருந்து 2,550 ஆகியிருக்கிறார்கள். சதவீதம் இறங்கியது தோட்டம் சேனலுக்குச் சொந்தக் கூட்டம் சேர்ந்ததால்.